பாகம் பிரிக்க உட்காரும் முன்: கிணறு, தடம், சீர்க் கணக்கு

ஈரோட்டுப் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாகப் பத்திரம் எழுதுகிறேன். பாகப்பிரிவினைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் சென்ட் கணக்கோடு வருவார்கள். மொத்தம் எவ்வளவு, தலைக்கு எவ்வளவு என்று வகுத்து ஒரு தாளில் எழுதியிருப்பார்கள். சண்டை அந்தக் கணக்கில் வருவதில்லை. கிணற்றுத் தண்ணீர் யாருக்கு எத்தனை மணி நேரம், கடைசிப் பங்குக்காரன் டிராக்டரை எந்தத் தடத்தில் ஓட்டுவான், அக்காவுக்குப் போட்ட நகை கணக்கில் உண்டா இல்லையா என்று கேட்ட இடத்தில்தான் வரும். அதனால் முதல் முறை பாகம் பிரிக்கப் போகிறவர்களுக்கு, சென்டைத் தொடும் முன் என்ன பேச வேண்டும் என்று சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு குடும்பம். பல குடும்பங்களில் பார்த்ததைச் சேர்த்து நான் கட்டியது, தனி ஒரு வீட்டுக் கதை இல்லை. அப்பாவுக்கு 74 வயது, அம்மா இருக்கிறார். மூத்த மகன் 22 வருடமாகத் தோட்டத்தைப் பார்க்கிறார். நடுவில் மகள், 2003-இல் 45 பவுன் போட்டுத் தாராபுரம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். இளைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார், அதற்கு முதல் போட அப்பா பணம் கொடுத்தார். சொத்து இரண்டு. நாலு ஏக்கர் தோட்டம், அதில் ஒரு கிணறு. தார்ச்சாலை ஓரமாக இரண்டு ஏக்கர் மேட்டாங்காடு.

முதலில்: எது யாருடையது

பேச்சை ஆரம்பிக்கும் முன் பத்திரப் பெட்டியைத் திறங்கள். "எல்லாம் அப்பாரு காலத்துச் சொத்து" என்று வீட்டில் சொல்வார்கள். அப்பாரு என்றால் எங்கள் பக்கத்தில் அப்பாவின் அப்பா. சட்டம் அப்படிச் சொல்வதில்லை. அப்பாவுக்கு அந்த நிலம் எந்தப் பத்திரத்தின் மூலம் வந்தது என்றுதான் அது பார்க்கும்.

நம் குடும்பத்தில் நாலு ஏக்கர் தோட்டம் 1974-இல் அப்பாரும் அவருடைய மகன்களும் தலைமுறையாக வந்த கூட்டுக் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொண்ட பாகப்பிரிவினையில் அப்பாவுக்கு வந்தது. அதில் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. மேட்டாங்காடு 1992-இல் அப்பா தன் சம்பாத்தியத்தில் கிரயம் வாங்கியது. அது அவருடைய சொந்தச் சொத்து. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், விற்கலாம், உயில் எழுதலாம்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அப்பாரு தானே சம்பாதித்த நிலத்தை உயில் எழுதாமல் விட்டு, இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956-க்குப் பிறகு இறந்திருந்தால், அப்பாவுக்கு வந்த பங்கு அப்பாவின் தனிச் சொத்து. பேரன்கள் "பாட்டன் சொத்து, எனக்குப் பங்கு" என்று கேட்க முடியாது. ஒரே ஊரில், ஒரே பரப்பில், பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்துக்கு இரண்டு விதமான பதில் வருவது இதனால்தான்.

அடுத்தது பெண்களின் பங்கு. இதில் பழைய பேச்சு இன்னும் ஓயவில்லை. தமிழ்நாட்டில் 1989-இல் வந்த திருத்தம் அப்போது திருமணமாகாமல் இருந்த பெண்களுக்கு மட்டும் பங்கு கொடுத்தது. அதைப் பிடித்துக்கொண்டு "கட்டிக் கொடுத்த பொண்ணுக்குப் பங்கு இல்லை" என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டமே மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பிறப்புரிமை தந்துவிட்டது. திருமணம் ஆனதா, எப்போது ஆனது என்பது தடையில்லை. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதும் இல்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவுப் பத்திரத்தாலோ நீதிமன்றத் தீர்ப்பாலோ பிரித்து முடித்ததை மட்டும் திரும்பக் கிளற முடியாது.

ஆக நம் குடும்பத்தில் இன்றைய நிலை இது. தோட்டம் 400 சென்ட். அப்பா, மூன்று பிள்ளைகள் என நாலு பேருக்கும் தலைக்கு 100 சென்ட். எதுவும் எழுதாமல் அப்பா காலமாகிவிட்டால், அவருடைய 100 சென்ட் அம்மாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் 25 வீதம் பிரியும். அப்போது பிள்ளைகளுக்கு 125 வீதம், அம்மாவுக்கு 25. மேட்டாங்காடு 200 சென்டும் அதே நாலு பேருக்கு 50 வீதம். இந்தக் கணக்கை ஒரு வெள்ளைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டாத குறையாக எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். இப்படியே பிரிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எல்லோரும் சம்மதித்தால் எப்படியும் பிரிக்கலாம். ஆனால் சம்மதம் கொடுக்கிறவர் எதை விட்டுக் கொடுக்கிறார் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

பட்டா, புலப்பட வரைபடம் இரண்டையும் eservices.tn.gov.in தளத்தில் பார்க்கலாம். வில்லங்கச் சான்று tnreginet.gov.in தளத்தில் கிடைக்கும். கூட்டுறவுக் கடன் அடமானம் ஏதாவது நிற்கிறதா என்று வில்லங்கத்தில் பார்த்துவிடுங்கள். பேச்சின் நடுவில் அது வெளிவந்தால் "மறைத்துவிட்டார்கள்" என்றாகிவிடும்.

பேச உட்காரும் இடமும் நேரமும்

எழவு வீட்டில் பேசாதீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பங்காளிகள் திண்ணையில் உட்கார்ந்து ஆரம்பிப்பதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஊரில் இருக்கிறார்கள் என்பது அதற்குச் சொல்லும் காரணம். அழுது வீங்கிய கண்ணோடு மகள் "நீங்க பார்த்துச் செய்யுங்ண்ணா" என்று சொல்வார். அதை விட்டுக் கொடுத்ததாக எடுத்துக்கொள்வார்கள். மூன்று வருடம் கழித்து அந்த ஒரு சொல் நீதிமன்றத்தில் நிற்கும்.

அப்பா அம்மா நன்றாக இருக்கும்போதே, பண்டிகை இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து வீடான சாளையிலேயே உட்காருங்கள். முதல் நாள் பெற்றோரும் பிள்ளைகளும் மட்டும். மருமகள்களும் மாப்பிள்ளையும் இரண்டாம் நாள் வரட்டும். அவர்களை ஒதுக்கச் சொல்லவில்லை, அவர்கள் சம்மதம் இல்லாத பிரிவினை நிலைக்காது. ஆனால் முதல் நாள் அவர்கள் இருந்தால் அண்ணன் தங்கையோடு பேசமாட்டார், மாப்பிள்ளைக்குக் கேட்கும்படி பேசுவார்.

முதல் நாள் நிலத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ஒவ்வொருவரும் மூன்று விஷயம் மட்டும் எழுதி வந்து படிக்கட்டும். இந்த வீட்டிலிருந்து நான் வாங்கியது என்ன. நான் போட்டது என்ன. எதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. குறுக்கே பேசக் கூடாது, அம்மாவும் படிக்க வேண்டும். அம்மாவுக்கு எழுத வராவிட்டால் பேத்தி எழுதிக் கொடுக்கட்டும்.

மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. மகள் "எனக்கும் பங்கு வேணும்" என்று மட்டும் சொன்னால் அண்ணன் காதில் அது வழக்கு நோட்டீஸ் மாதிரி விழும். அவரே, "அண்ணா, எனக்கு அந்தத் தோட்டத்துல வெள்ளாமை வைக்கத் தெரியாதுங்க. அப்பா அம்மாவுக்குப் பின்னால நான் வந்தா இறங்கறதுக்கு எனக்குன்னு ஒரு இடம் இருக்கணும், அவ்வளவுதான்" என்று சொன்னால் அண்ணனுக்கு அது வேறு பேச்சு. அண்ணனுடைய பயம் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "அம்மிணி, நீ உம்பங்கை வெளியாளுக்கு வித்துட்டீன்னா, கிணத்து மேட்டுல நாளைக்கு எவனோ வந்து நிப்பான்." இந்த இரண்டு பயத்துக்கும் பத்திரத்தில் மருந்து உண்டு. சொல்லாவிட்டால் எழுத முடியாது.

சீர்க் கணக்கு

அடுத்த ஞாயிறு பழைய கணக்கு. எங்கள் பக்கத்தில் இதுதான் முள். "45 பவுன் போட்டோம், கார் கொடுத்தோம், ஒவ்வொரு தீபாவளிக்கும் சீர் செய்தோம், அதுதான் அவள் பங்கு" என்பது அண்ணன் தம்பிகளின் வழக்கமான வாதம். சட்டப்படி அது நிற்காது. மகள் தன் பங்கை விட்டுத் தருவதாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் ஒழிய, சீர் கொடுத்ததால் பங்கு குறைவதில்லை. ஆனால் நியாயம் பேசும்போது அதை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எடுத்தால் எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் எடுங்கள்.

மகளின் நகையை எண்ணினால் இளையவர் கம்பெனிக்கு வாங்கிய முதலையும் எண்ண வேண்டும். மூத்தவர் 22 வருடம் தோட்டத்து வருமானத்தில் குடும்பம் நடத்தியதையும் எண்ண வேண்டும். அதோடு, அதே 22 வருடம் அவர் சம்பளமில்லாமல் உழைத்ததையும், 2016-இல் தன் கைக்காசில் போட்ட ஆழ்குழாய்க் கிணற்றையும் மறுபக்கத்தில் எண்ண வேண்டும். நகையை இன்றைய தங்க விலைக்குப் போட்டுவிட்டு, கம்பெனி முதலை அன்றைய ரூபாய்க்குப் போடுவது நடக்கும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனால் கணக்கு கோணிவிடும். ஒன்று எல்லாவற்றையும் அன்றைய விலைக்குப் போடுங்கள், இல்லை எல்லாவற்றையும் இன்றைய விலைக்குப் போடுங்கள்.

இப்படி உட்கார்ந்து எண்ணியவர்களில் நிறையப் பேர் பாதியிலேயே, "சரி, மூணு பேருக்கும் கிட்டத்தட்ட செஞ்சிருக்காங்க, விட்டுடலாம்" என்று பேனாவை வைத்துவிடுகிறார்கள். நம் குடும்பமும் அப்படித்தான் முடிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். சீர், முதல், சாப்பாடு எதுவும் கணக்கில் இல்லை. ஆழ்குழாய்க்கும் உழைப்புக்கும் மட்டும் மூத்தவருக்குக் கொஞ்சம் கூடுதல். அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று அன்றைக்கே ரூபாயில் எழுதிவிடுங்கள். நம் குடும்பம் 10 லட்சம் என்று எழுதியது.

நிலத்தை நடந்து பாருங்கள்

புலப்பட வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாக நடங்கள். எங்கே கரிசல், எங்கே ஓடைக்கல், மழை பெய்தால் எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, வேலிகளுக்கு நடுவே வரும் இட்டேரியிலிருந்து எந்த வாயில் வழியாக உள்ளே வருகிறோம் என்று வரைபடத்தின் மேலேயே பென்சிலால் குறியுங்கள். கீழ்பவானி, பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்கால் பாயும் பகுதியாக இருந்தால் உங்கள் புல எண்ணில் எவ்வளவு பரப்பு ஆயக்கட்டில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். சில தோட்டங்களில் மேல்பாதி மட்டும் ஆயக்கட்டு. நேர்பாதியாக வெட்டினால் ஒருவருக்கு வாய்க்கால் தண்ணீர் இருக்காது.

பிறகு விலை. வழிகாட்டி மதிப்பை வைத்துப் பிரிக்காதீர்கள், அது பதிவுக் கட்டணத்துக்கான எண். அக்கம்பக்கத்தில் உண்மையில் கைமாறிய விலையை விசாரித்து எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு எண்ணுக்கு வாருங்கள். முன்பெல்லாம் தோட்டம்தான் விலை, மேட்டாங்காடு ஆடு மேய்க்க. இப்போது தார்ச்சாலை ஓரத்து மேட்டாங்காட்டுக்கு சைட் விலை. நம் குடும்பம் தோட்டம் சென்ட் 40 ஆயிரம், மேட்டாங்காடு சென்ட் 80 ஆயிரம் என்று ஒப்புக்கொண்டதாக வைப்போம். தோட்டம் 400 சென்டும் 160 லட்சம். மேட்டாங்காடு 200 சென்டும் அதே 160 லட்சம்.

அப்பா அம்மா தங்களுக்கென்று மேட்டாங்காட்டில் 50 சென்டை வைத்துக்கொள்கிறார்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கு எழுதிவிட்டு வெறுங்கையோடு உட்காராதீர்கள். மீதி 280 லட்சம். மூத்தவருக்குத் தோட்டத்தில் கிணற்றோடு 250 சென்ட், அது 100 லட்சம். மகளுக்கும் இளையவருக்கும் தோட்டத்தில் 75 சென்டும் மேட்டாங்காட்டில் 75 சென்டும், ஆளுக்கு 90 லட்சம். 10 லட்சம் வித்தியாசம் முன்பே எழுதி வைத்ததுதான். மகளின் தோட்டப் பங்கு சட்டப்படி வர வேண்டிய 100 சென்டை விடக் குறைவு. ஆனால் அவருக்கு இறங்க இடம் சாலை ஓரத்திலேயே கிடைத்துவிட்டது. தோட்டம் துண்டு துண்டாகாமல் மூத்தவரும் வெள்ளாமை வைக்க முடியும்.

ஒரே மாதிரியான இரண்டு துண்டில் எது யாருக்கு என்று இழுபறி வந்தால், ஒருவர் பிரிக்க மற்றவர் முதலில் எடுக்கட்டும். பிரிக்கிறவர் கை தானாக நேராகிவிடும். அதற்கும் ஒப்பாவிட்டால் சீட்டு எழுதிக் குலுக்கி, குழந்தையை எடுக்கச் சொல்லுங்கள்.

கிணறும் தடமும்

இதை எழுதாமல் விட்ட பத்திரங்கள்தான் திரும்ப என்னிடம் வருகின்றன. "கிணற்றில் பொது பாத்தியம்" என்று ஒரு வரி போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கோடையில் தண்ணீர் கீழே போனதும் அந்த ஒரு வரியை மூன்று பேரும் மூன்று விதமாகப் படிப்பார்கள்.

பங்கை எண்ணாக எழுதுங்கள். 250, 75, 75 என்பது 10-க்கு 3-க்கு 3. எட்டு நாளுக்கு ஒரு முறை என்று வைத்தால் மூத்தவருக்கு 5 நாள், மற்ற இருவருக்கும் ஆளுக்கு ஒன்றரை நாள். ஆனால் தோட்டத்து மும்முனை மின்சாரம் எல்லா இடத்திலும் நாள் முழுவதும் வருவதில்லை, நேரமும் மாறும். அதனால் நாள் கணக்கை விட மின்சாரம் இருக்கும் மணிக் கணக்கில் முறை வைப்பது நல்லது. மோட்டார் பழுது, கிணறு தூர் வாரும் செலவு ஆகியவற்றையும் அதே விகிதத்தில் எழுதுங்கள். இலவச மின் இணைப்பு ஒன்றுதான் இருக்கும், புதிதாக வாங்க நெடுநாள் காத்திருக்க வேண்டும். இணைப்பு எண்ணைப் பத்திரத்தில் போட்டு, பெயர் யார் பெயரில் இருந்தாலும் மூவருக்கும் பொது என்று எழுத வேண்டும். ஒருவர் நிலத்துக்குள் இன்னொருவருடைய குழாய் போனால் அதையும் எழுதுங்கள். ஆழ்குழாய் மூத்தவர் பங்குக்குள் இருக்கிறது, அது அவருக்கு மட்டும் என்றும் ஒரு வரி இருக்கட்டும்.

தடத்துக்கு அகலம் அடியில் போடுங்கள். "மாமூல் வண்டித்தடம்" என்று எழுதினால் மாட்டு வண்டி காலத்து அகலத்துக்கு வந்து நிற்பார்கள். அறுவடை இயந்திரம் உள்ளே போகும் அகலம் என்ன என்று அளந்து, எங்கிருந்து எங்கே வரை என்று எழுதி, அந்தப் பரப்பு யார் பங்கில் கழிகிறது என்பதையும் தீர்த்துவிடுங்கள்.

மூத்தவருடைய பயத்துக்கும் இங்கேதான் மருந்து. தோட்டத்துப் பங்கை விற்பதாக இருந்தால் முதலில் உடன்பிறந்தவர்களுக்கு எழுத்தில் சொல்ல வேண்டும், இத்தனை நாள் பொறுக்க வேண்டும், அன்றைய வெளி விலைக்கே கொடுக்க வேண்டும் என்று மூவரும் ஒப்புக்கொண்டு எழுதலாம்.

எந்தப் பத்திரம்

பரம்பரைத் தோட்டத்துக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம். அப்பா தனக்குப் பங்கு எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் அதில் அவரே சொல்ல வேண்டும். அப்பாவின் சொந்த மேட்டாங்காட்டுக்கு, அவர் இருக்கும்போதே பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம். குடும்பத்துக்குள் இரண்டுக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023-இல் அதை உயர்த்தினார்கள், எழுதும் முன் அன்றைய அளவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா அம்மா வைத்துக்கொண்ட 50 சென்டுக்கு உயில் போதும். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, ஆனால் இரண்டு சாட்சிகள் கட்டாயம். பங்கு பெறுகிறவர்களைச் சாட்சியாகப் போடாதீர்கள்.

செட்டில்மெண்டும் உயிலும் ஒன்று என்று நினைக்கும் பெரியவர்கள் அதிகம். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தால் கை விட்டுப் போய்விட்டது. "எங்களைக் கடைசி வரை வைத்துப் பார்க்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதினால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் போய் அதை ரத்து செய்யக் கேட்கலாம். வாய்வார்த்தையாக விட்டவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

மகளிடம் விடுதலைப் பத்திரம் வாங்குவதாக இருந்தால், அவர் ஒரு வாரம் முன்பே நகலை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கட்டும். கோயில் நோம்பிக்கு வந்தவரை அப்படியே பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் "ஒரு கையெழுத்துதான் அம்மிணி" என்று வாங்குவதற்கு நான் பத்திரம் எழுதுவதில்லை. ஏமாற்றி வாங்கியது என்று தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் அவர் வழக்குப் போடலாம், அந்த மூன்று வருடமும் நிலம் விற்கவும் முடியாமல் கடன் வாங்கவும் முடியாமல் கிடக்கும்.

பதிவு முடிந்ததும் உட்பிரிவுக்கு மனுப் போட்டுத் தனிப்பட்டா வாங்குங்கள். இல்லையென்றால் பத்திரத்தில் மூன்று பங்கு, பட்டாவில் ஒரே கூட்டு என்று கிடக்கும். சர்வேயர் வரும் நாளில் மூவரும் நேரில் இருங்கள். கல் நட்டதும் ஒவ்வொரு கல்லையும் போனில் படம் எடுத்து மூவரும் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த உழவில் டிராக்டர் கொழு ஒரு கல்லையாவது பெயர்க்கும்.